மாடிப்படி விளக்கும் மூன்று முனை சுவிட்சும்

மாடிப்படி விளக்கைக் கீழே போட்டுவிட்டு ஏறுகிறவர், மேலே போனதும் அங்கிருந்தே அணைக்க வேண்டும். அடுத்து இறங்குகிறவர் மேலே போட்டுவிட்டுக் கீழே வந்து அணைக்க வேண்டும். அறைகளில் இருக்கும் சாதாரண சுவிட்ச் இரண்டை வாங்கி, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக வைத்தால் இது நடக்காது. இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே ஒயரில் இணைத்தால், இரண்டும் போட்டிருந்தால்தான் விளக்கு எரியும். கீழே அணைத்துவிட்டால் மேலே இருப்பவரால் எதுவும் செய்ய முடியாது. பக்கம் பக்கமாக இணைத்தால், ஏதாவது ஒன்று போட்டிருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கீழே போட்டதை மேலே அணைக்க வழியில்லை. எந்தச் சுவிட்சை எப்போது தட்டினாலும் விளக்கின் நிலை மாற வேண்டும் என்பதுதான் தேவை. அதற்காகவே இருப்பது டூவே சுவிட்ச்.

சாதாரண சுவிட்சின் பின்புறத்தில் இரண்டு முனைகள் இருக்கும். தட்டினால் அவை இரண்டும் சேரும், மறுபடி தட்டினால் பிரியும். கடைக்காரர்கள் இதை ஒன்வே என்பார்கள். டூவே சுவிட்சில் மூன்று முனைகள். அவற்றில் ஒன்றுக்குக் காமன் என்று பெயர். சுவிட்சை ஒரு பக்கம் தட்டினால் காமன் ஒரு முனையோடு சேரும். மறுபக்கம் தட்டினால் அதை விட்டுவிட்டு இன்னொரு முனையோடு சேரும். மற்ற இரண்டு முனைகளும் ஒருபோதும் ஒன்றோடொன்று சேர்வதில்லை. அதாவது டூவே சுவிட்சுக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று நிலையான பக்கங்கள் கிடையாது. எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் ஏதோ ஒரு பாதை திறந்தே இருக்கும். முன்பக்கத்திலிருந்து பார்த்தால் ஒன்வேக்கும் டூவேக்கும் வித்தியாசம் தெரியாது என்பதால், வாங்கும்போதே திருப்பிப் பார்த்து மூன்று திருகுகள் இருக்கின்றனவா என்று எண்ணிக்கொள்வது நல்லது.

பெரும்பாலான மாடுலர் சுவிட்சுகளில் நடு முனைதான் காமன். ஆனால் எல்லாத் தயாரிப்புகளுக்கும் இது பொருந்தும் என்று நம்பிவிடக் கூடாது. இந்த வேலையில் வரும் தொல்லைகளில் பெரும்பகுதி காமனைத் தவறாக எடுத்துக்கொள்வதால் வருவதுதான். மல்டிமீட்டர் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மீட்டரைத் தொடர்பு பார்க்கும் நிலையில், அதாவது தொட்டால் ஓசை எழுப்பும் நிலையில், வைத்து முனைகளை இரண்டிரண்டாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். சுவிட்சை எந்தப் பக்கம் தட்டினாலும் ஓசையே வராத ஜோடி ஒன்று இருக்கும். அந்த ஜோடியில் சேராமல் மிஞ்சும் முனை காமன்.

இப்போது இரண்டு டூவே சுவிட்சுகளை எப்படிச் சேர்ப்பது என்று பார்க்கலாம். கீழ்ச் சுவிட்சின் காமனுக்கு ஃபேஸ் வருகிறது. மேல் சுவிட்சின் காமனிலிருந்து விளக்குக்கு ஒயர் போகிறது. கீழ்ச் சுவிட்சின் மற்ற இரண்டு முனைகளையும் மேல் சுவிட்சின் மற்ற இரண்டு முனைகளோடு இரண்டு தனி ஒயர்கள் இணைக்கின்றன. இவற்றை இடை ஒயர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று மஞ்சள், மற்றது நீலம். நியூட்ரல் எந்தச் சுவிட்சையும் தொடாமல் நேராக விளக்குக்குப் போகிறது. அவ்வளவுதான் முழு இணைப்பும்.

இது வேலை செய்யும் விதம், இரண்டு ஸ்டேஷன்களுக்கு நடுவே பக்கம் பக்கமாகப் போகும் இரண்டு தண்டவாளங்களை ஒத்தது. கீழ்ச் சுவிட்ச் மின்சாரத்தை மஞ்சளிலோ நீலத்திலோ ஏற்றிவிடுகிறது. மேல் சுவிட்ச் மஞ்சளிலிருந்தோ நீலத்திலிருந்தோ அதை எதிர்பார்க்கிறது. இரண்டும் ஒரே ஒயரைத் தேர்ந்தெடுத்திருந்தால் விளக்கு எரியும். வெவ்வேறு ஒயரைத் தேர்ந்தெடுத்திருந்தால் எரியாது. சேர்க்கைகள் மொத்தம் நான்கு. இரண்டும் மஞ்சள், எரியும். இரண்டும் நீலம், எரியும். கீழே மஞ்சள் மேலே நீலம் என்றாலோ, கீழே நீலம் மேலே மஞ்சள் என்றாலோ அணைந்திருக்கும். நான்கில் எந்த நிலையிலிருந்து தொடங்கினாலும், ஏதாவது ஒரு சுவிட்சைத் தட்டினால் ஒத்துப்போனது மாறுபடும், மாறுபட்டது ஒத்துப்போகும். அதனால்தான் ஒவ்வொரு தட்டலுக்கும் விளக்கின் நிலை மாறுகிறது. மஞ்சளும் நீலமும் மேல் சுவிட்சில் இடம் மாறிப் போனாலும் ஒன்றும் கெட்டுவிடாது. எரியும் சேர்க்கையும் அணையும் சேர்க்கையும் மட்டும் இடம் மாறிக்கொள்ளும். காமனில் இருக்க வேண்டியது மட்டும் காமனிலேயே இருந்தாக வேண்டும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொண்டு ஒயர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீடு, ஒரே மின் இணைப்பு, ஒரே மீட்டர். எம்.சி.பி. பெட்டி கீழே ஹாலில் இருக்கிறது. கீழ்ச் சுவிட்ச் பெட்டி படி தொடங்கும் இடத்தில், தரையிலிருந்து நான்கடி உயரத்தில். மேல் பெட்டி படி முடியும் இடத்தில், அதே நான்கடி உயரத்தில். விளக்கு, படி திரும்பும் இடத்துச் சுவரில். தளத்தின் உயரம் பத்தடி. கீழ்ப் பெட்டியிலிருந்து கூரை வரை ஆறடி, கூரைத் தளத்துக்குள் பக்கவாட்டில் பதின்மூன்றடி, மேல் தளத்திலிருந்து மேல் பெட்டி வரை நான்கடி, நடுவே கான்கிரீட்டின் கனம் என்று கூட்டினால், இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே குழாயின் நீளம் ஏறத்தாழ ஏழரை மீட்டர். மேல் பெட்டியிலிருந்து விளக்குக்கு நான்கு மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

எம்.சி.பி. பெட்டியிலிருந்து சிவப்பு ஃபேஸும் கறுப்பு நியூட்ரலும் பச்சை எர்த்தும் கீழ்ப் பெட்டிக்கு வருகின்றன. சிவப்பு, கீழ்ச் சுவிட்சின் காமனில் முடிந்துவிடுகிறது. அங்கிருந்து மேலே போகும் குழாயில் நான்கு ஒயர்கள்: மஞ்சள், நீலம், கறுப்பு, பச்சை. மேல் பெட்டியிலிருந்து விளக்குக்குப் போகும் குழாயில் மூன்று: மேல் காமனிலிருந்து கிளம்பும் லைட் ஒயர், கறுப்பு, பச்சை. லைட் ஒயருக்குச் சாம்பல் நிறத்தைக் கொடுத்துவிட்டால், பத்து வருடம் கழித்துப் பெட்டியைத் திறப்பவருக்கும் எது எது என்று உடனே புரியும். மேலே போகும் நான்குக்கு முப்பது மீட்டர், விளக்குக்குப் போகும் மூன்றுக்குப் பன்னிரண்டு மீட்டர், பெட்டிகளில் விடும் நுனிகளுக்குச் சில மீட்டர் என்று எல்லா நிறங்களும் சேர்ந்து ஏறத்தாழ 45 மீட்டர் ஆகும். விளக்குக்கு 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரே தாராளமாகப் போதும் என்றாலும், 1.5 போடுவது பரவலான வழக்கம். சுவிட்ச் 6 ஆம்பியர் வகை. மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் மஞ்சளும் நீலமும் வேறு ஃபேஸ்களைக் குறிக்கும் என்பதால், அங்கே இடை ஒயர்களுக்கு வேறு நிறம் எடுக்க வேண்டும். அல்லது நுனியில் டேப் சுற்றி, எழுதியாவது வைக்க வேண்டும்.

இந்த வேலையை உரிமம் பெற்ற ஒயர்மேனிடம்தான் கொடுக்க வேண்டும். வீட்டுக்காரருக்கு விவரம் தெரிந்திருந்தால், செய்யப்படுவது சரிதானா என்று பக்கத்தில் நின்று பார்க்க முடியும். பழுது வந்தால் எங்கே தேடுவது என்றும் தெரியும்.

பெட்டியைத் திறப்பதற்கு முன் எம்.சி.பி.யை அணைப்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அது போதாது. மாடிப்படி விளக்கை இன்வெர்ட்டரில் இணைப்பது வழக்கம், இருட்டில் முதலில் தேவைப்படும் விளக்கு அதுதான் என்பதால். மெயினை அணைத்த அடுத்த நொடியே இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து அதே ஒயருக்கு 230 வோல்ட்டை அனுப்பத் தொடங்கிவிடும். இன்வெர்ட்டரையும் அதன் வெளியீட்டையும் தனியாக அணைக்க வேண்டும். அணைத்த பிறகும் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தே ஒயரைத் தொட வேண்டும். அந்த டெஸ்ட் லேம்ப் எரிகிறதா என்று மின்சாரம் இருக்கும் வேறொரு பிளக்கில் முன்னும் பின்னும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஒயர்களை இழுத்த பிறகு பெட்டியில் ஆறு அங்குல நுனியாவது விட வேண்டும். நுனியில் தோலை உரிக்கும்போது முனைக்குள் நுழையும் அளவுக்கு மட்டும் உரிக்க வேண்டும். வெளியே செம்பு தெரியக் கூடாது. பல இழை ஒயரின் நுனியை முறுக்கி உள்ளே நுழைத்துத் திருகிய பின், ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்ப்பது கட்டாயம். பெட்டிக்குள் மடக்கித் திணிக்கும்போதுதான் சரியாகத் திருகாத ஒயர் கழன்று வரும். கறுப்பு ஒயரை மேல் பெட்டியில் வெட்டிச் சேர்க்காமல், ஒரே நீளமாக விளக்கு வரை கொண்டுபோவது நல்லது. பழுதாவதற்கு ஓர் இடம் குறையும்.

மின்சாரம் கொடுத்ததும் பலர் கீழ்ச் சுவிட்சை இரண்டு முறை தட்டிப் பார்க்கிறார்கள், மேலே போய் அதையும் இரண்டு முறை தட்டிப் பார்க்கிறார்கள், விளக்கு எரிந்து அணைந்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுகிறார்கள். இந்தச் சோதனை எல்லாச் சேர்க்கைகளையும் தொடுவதில்லை. கீழே ஒரு தட்டல், மேலே ஒரு தட்டல், மறுபடி கீழே, மறுபடி மேலே என்று மாறி மாறித் தட்ட வேண்டும். அப்போதுதான் நான்கு சேர்க்கைகளும் வரிசையாக வரும். நான்கு தட்டலுக்கும் நான்கு முறை விளக்கின் நிலை மாறினால் இணைப்பு சரி. ஒரு தட்டலுக்கு மாறாமல் போனாலும் எங்கோ தவறு இருக்கிறது.

அந்தத் தவறு எப்படித் தெரியும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம். மேல் சுவிட்சில் சாம்பல் லைட் ஒயர் காமனுக்குப் பதிலாக ஓரத்து முனையில் போய்விட்டது, மஞ்சள் காமனில் வந்துவிட்டது, நீலம் அதன் இடத்திலேயே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேல் சுவிட்ச் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது மஞ்சளும் சாம்பலும் சேரும். அப்போது கீழ்ச் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்யும். மஞ்சளுக்குத் தட்டினால் விளக்கு எரியும், நீலத்துக்குத் தட்டினால் அணையும். மேல் சுவிட்சை மறுபக்கம் தட்டினால் மஞ்சளும் நீலமும் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், விளக்குக்குப் போகும் ஒயர் தனியாகக் கழன்று நிற்கும். இனி கீழே எத்தனை முறை தட்டினாலும் விளக்கு எரியாது. வீட்டில் இருப்பவர்கள் இதை, “மேலே போட்டிருந்தால்தான் கீழே வேலை செய்கிறது” என்று சொல்வார்கள். அப்படி யாராவது சொன்னால், காமன் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். கீழ்ச் சுவிட்சில் காமன் மாறினாலும் இதே அறிகுறிதான் வரும். அதனால் தவறு எந்தப் பெட்டியில் என்பதை விளக்கைப் பார்த்துச் சொல்ல முடியாது. இரண்டையும் திறந்து பார்க்க வேண்டும்.

இதே அறிகுறி இன்னொரு காரணத்தாலும் வரும். மஞ்சள், நீலம் இரண்டில் ஒன்று திருகில் தளர்ந்தோ, குழாய்க்குள் அறுந்தோ போனால், மிச்சமிருக்கும் ஒயரை இரண்டு சுவிட்சுகளும் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் விளக்கு எரியும். நான்கில் ஒரே ஒரு சேர்க்கை. காமன் மாறிய வீட்டிலும் கணக்கு அதேதான். இரண்டையும் வேறுபடுத்திக் காட்டுவது வீட்டின் வரலாறு. புதிதாக ஒயரிங் செய்த அன்றே, அல்லது சுவிட்ச் மாற்றிய அன்றே இப்படி ஆனால் காமனைப் பார்க்க வேண்டும். வருடக்கணக்காக ஒழுங்காக எரிந்த விளக்கு ஒருநாள் திடீரென்று இப்படி ஆனால், முதலில் இடை ஒயர்களின் திருகுகளைப் பார்க்க வேண்டும். திருகுகள் சரியாக இருந்தால் ஒயரையோ சுவிட்சின் உள் தொடுப்பையோ சந்தேகிக்கலாம். பழைய சுவிட்சைக் கழற்றும் முன் காமனில் இருந்த ஒயரில் ஒரு துண்டு டேப் சுற்றிவிட்டால், புதியதில் அது மாறிப்போக வழியே இல்லை.

இந்தத் தேடலில் நியான் டெஸ்டர் பலரைத் தவறான முடிவுக்கு அழைத்துச் செல்லும். இரண்டு இடை ஒயர்களும் ஒரே குழாயில் ஒட்டிக்கொண்டு போகின்றன. ஒன்றில் மின்சாரம் இருக்கும்போது, எதிலும் சேராமல் நிற்கும் மற்றதிலும் டெஸ்டரை மங்கலாக எரியவைக்கும் அளவுக்கு மின்னழுத்தம் தொற்றிக்கொள்ளும். “இரண்டு ஒயரிலும் கரண்ட் வருகிறது” என்று நினைத்துவிடுவார்கள். டெஸ்ட் லேம்பை அந்த ஒயருக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தால் உண்மை தெரியும். உண்மையான ஃபேஸ் விளக்கை எரியவைக்கும், தொற்றிய மின்னழுத்தத்துக்கு அந்தச் சக்தி கிடையாது.

எல்.இ.டி. பல்பு வந்த பிறகு மாடிப்படிகளில் புதிதாகத் தோன்றிய தொல்லைக்கும் இதுவே காரணம். விளக்கை அணைத்த பிறகும் பல்பு மங்கலாக ஒளிரும், அல்லது சில நொடிக்கு ஒருமுறை மின்னும். அணைந்திருக்கும் நேரத்தில் ஃபேஸ் மஞ்சளில் நிற்கிறது. விளக்கோ நீலத்தோடு சேர்ந்திருக்கிறது. பக்கம் பக்கமாகப் போகும் இரண்டு ஒயர்களும் ஒரு சிறிய கெப்பாசிட்டராகவே ஆகிவிடுகின்றன. அதன் வழியே கசியும் மின்னோட்டம், மேலே சொன்ன வீட்டின் நீளத்துக்கு, ஒரு மில்லிஆம்பியரில் சில நூறில் ஒரு பங்குதான். பழைய குண்டு பல்புக்கு அது தெரியவே தெரியாது. எல்.இ.டி. பல்புக்குள் இருக்கும் சுற்று அந்தக் கசிவைச் சிறிது சிறிதாகச் சேர்த்துவைத்து, நிறைந்ததும் ஒரு மின்னல் அடித்துவிடும். படி நீளமாகவும் ஒயர் அதிகமாகவும் இருந்தால் இது கூடும். முதலில், சுவிட்ச் வழியே போவது ஃபேஸ்தானா, நியூட்ரலைச் சுவிட்சில் கொடுத்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும். நியூட்ரல் சுவிட்ச் வழியே போனால், விளக்கு அணைந்திருக்கும்போதும் பல்பில் ஃபேஸ் நின்றுகொண்டே இருக்கும். அப்போதும் பல்பு மங்கலாக ஒளிரும், அது ஆபத்தும் கூட. இணைப்பு சரியாக இருந்தால் வேறு தயாரிப்புப் பல்பை மாற்றிப் பார்க்கலாம். அதிலும் நிற்காவிட்டால் 0.1 மைக்ரோஃபாரட் அளவுள்ள, 275 வோல்ட் ஏ.சி.க்கான எக்ஸ்2 வகைக் கெப்பாசிட்டரை விளக்கின் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே பக்கவாட்டில் இணைத்தால், கசிவு பல்புக்குப் போகாமல் அதன் வழியே நியூட்ரலுக்குப் போய்விடும்.

ஒயரை மிச்சப்படுத்துவதற்காகச் செய்யும் ஒரு குறுக்குவழியைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விளக்கு ஒழுங்காக எரிந்து அணைவதால் அது தவறு என்பதே வெளியே தெரியாது. இரண்டு பெட்டிகளிலும் வேறு பிளக்குகளுக்காக ஃபேஸும் நியூட்ரலும் ஏற்கெனவே இருக்கும். ஒவ்வொரு டூவே சுவிட்சின் ஓரத்து முனைகளில் ஒன்றில் ஃபேஸையும் மற்றதில் நியூட்ரலையும் கொடுத்து, இரண்டு காமன்களிலிருந்தும் விளக்கின் இரண்டு பக்கத்துக்கு ஒவ்வொரு ஒயரை இழுத்துவிடுகிறார்கள். இடை ஒயர்கள் இரண்டும் மிச்சம். ஒரு பக்கம் ஃபேஸும் மறுபக்கம் நியூட்ரலும் வரும்போது விளக்கு எரியும். இரண்டு பக்கமும் நியூட்ரல் வந்தால் அணையும். இரண்டு பக்கமும் ஃபேஸ் வந்தாலும் அணையும். அந்த நிலையில்தான் ஆபத்து. விளக்கு அணைந்திருக்கிறது என்று நம்பி பல்பைக் கழற்றுகிறவரின் விரலுக்குப் பக்கத்தில், ஹோல்டரின் இரண்டு முனைகளிலும் 230 வோல்ட் நிற்கிறது. சிறிய சுவிட்சுக்குள் ஃபேஸும் நியூட்ரலும் சில மில்லிமீட்டர் இடைவெளியில் இருப்பதால், உள்ளே தொடுப்பு தேய்ந்தால் நேரடி ஷார்ட் சர்க்யூட்டும் ஆகலாம். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் கீழ்த்தளத்துக்கு ஒரு ஃபேஸ், மாடிக்கு இன்னொரு ஃபேஸ் என்று பிரித்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். அணைந்திருக்க வேண்டிய அந்தச் சேர்க்கையில், விளக்கின் குறுக்கே இரண்டு வெவ்வேறு ஃபேஸ்கள் வரும். ஏறத்தாழ 400 வோல்ட். பல்பு தாங்காது.

இதைவிடச் சாதாரணமாக நடப்பது நியூட்ரலைப் பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்வது. கீழ்த்தளத்து ஃபேஸ் முறைப்படி கீழ்ச் சுவிட்சுக்கு வரும், மஞ்சளும் நீலமும் மேலே போகும். ஆனால் கறுப்பு ஒயரைக் கீழிருந்து இழுப்பதற்குப் பதிலாக, மேல் பெட்டியில் கையருகே இருக்கும் மாடிவீட்டு நியூட்ரலோடு விளக்கைச் சேர்த்துவிடுவார்கள். மாடியை வாடகைக்கு விட்டு, தனி மீட்டரும் தனி ஆர்.சி.சி.பி.யும் வைத்திருக்கும் வீடுகளில் இதன் விளைவு உடனே தெரியும். ஆர்.சி.சி.பி. செய்யும் வேலை, ஃபேஸில் போன மின்னோட்டம் முழுவதும் தன் நியூட்ரலிலேயே திரும்புகிறதா என்று பார்ப்பது. இங்கே கீழ் மீட்டர் வழியாகப் போன மின்னோட்டம் மேல் மீட்டர் வழியாகத் திரும்புகிறது. கீழ் ஆர்.சி.சி.பி.க்கு அது காணாமல் போன மின்னோட்டம், மேல் ஆர்.சி.சி.பி.க்கு எங்கிருந்தோ வந்த மின்னோட்டம். வீடுகளில் இருப்பது 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள் விழும் வகை. 9 வாட் பல்பு ஒன்றே அதைவிட அதிகமாக இழுக்கும். அதனால் மாடிப்படி விளக்கைப் போட்டதும் இரண்டு வீட்டிலும் மின்சாரம் போகலாம். ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் எதுவும் விழாது. தொல்லை வெளியே தெரியாமல் அப்படியே கிடக்கும். மாடிவீட்டுக்காரர் தன் மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யும்போது, செத்துப்போனது என்று அவர் நினைக்கும் நியூட்ரல் ஒயரைக் கழற்றினால், கீழே யாராவது மாடிப்படி விளக்கைப் போட்ட நொடியில் அந்த ஒயரில் மின்சாரம் வந்துவிடும். ஃபேஸ் எந்தச் சுற்றிலிருந்து வருகிறதோ, நியூட்ரலும் அதே சுற்றிலிருந்துதான் வர வேண்டும். இன்வெர்ட்டர் இணைப்புக்கும் இதே விதிதான்.

சரியாக இணைத்த விளக்கிலும் பல்பு மாற்றும்போது எம்.சி.பி.யை அணைத்தே ஆக வேண்டும். ஒன்வே சுவிட்சைப் பார்த்ததும் அணைந்திருக்கிறதா என்று சொல்லலாம். டூவேயில் சாய்ந்திருக்கும் பக்கம் எதையும் சொல்லாது. பல்பு ஃபியூஸ் ஆகியிருந்தால் சொல்லும் விளக்கும் இல்லை. அதைவிட முக்கியம், இன்னொரு சுவிட்ச் இன்னொருவர் கையில் இருக்கிறது. ஏணியில் நிற்கிறவருக்குத் தெரியாமல் மாடியிலிருந்து இறங்குகிறவர் அதைத் தட்டிவிடுவார்.

ஏற்கெனவே கீழே ஒன்வே சுவிட்சோடு மாடிப்படி விளக்கு இருக்கும் வீட்டில், மேலே இன்னொரு சுவிட்ச் மட்டும் சேர்க்க வேண்டும் என்றால் விளக்குக்குப் போகும் ஒயரைத் தொட வேண்டியதில்லை. கீழ்ப் பெட்டியில் ஃபேஸும் லைட் ஒயரும் இரண்டுமே இருக்கின்றன. அந்தச் சுவிட்சை எடுத்துவிட்டு டூவேயை வைத்து, ஓரத்து முனைகளில் ஒன்றில் ஃபேஸையும் மற்றதில் லைட் ஒயரையும் கொடுக்க வேண்டும். கீழ்ச் சுவிட்சின் மூன்று முனைகளிலிருந்தும் மூன்று ஒயர்கள் மேலே போய், காமனுக்குக் காமனும் ஓரத்துக்கு ஓரமுமாக மேல் சுவிட்சில் சேர வேண்டும். இங்கே கணக்கு தலைகீழ். இரண்டு சுவிட்சும் ஒரே பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் விளக்கு அணையும். ஒன்று ஃபேஸ் பக்கத்தையும் மற்றது லைட் பக்கத்தையும் தேர்ந்தெடுத்தால், காமன் ஒயர் வழியாக ஃபேஸ் விளக்குக்கு வந்து சேரும். நியூட்ரல் பழையபடியே இருப்பதால், மேல் பெட்டியில் கைக்குக் கிடைக்கும் நியூட்ரலை எடுக்கும் ஆசைக்கே இடமில்லை. பழைய வீட்டுக்கு இதுவே பொருத்தமான வழி. ஓரத்து ஒயர்கள் இடம் மாறினால் இதிலும் கவலையில்லை. காமன் ஒயர் மட்டும் இரண்டு முனையிலும் காமனில் இருக்க வேண்டும்.

இரண்டாம் மாடியும் வந்துவிட்டால், நடுத் தளத்துக்கு நான்கு முனைகள் கொண்ட இன்டர்மீடியட் சுவிட்ச் தேவை. முதலில் சொன்ன இணைப்பில் மஞ்சளும் நீலமும் போகும் வழியில் அதை வைக்க வேண்டும். இரண்டு முனைகளில் இரண்டும் உள்ளே வரும், மற்ற இரண்டில் வெளியே போகும். ஒரு நிலையில் அது மஞ்சளை மஞ்சளோடும் நீலத்தை நீலத்தோடும் சேர்க்கும், தட்டினால் இரண்டையும் குறுக்காக மாற்றிச் சேர்க்கும். தளங்கள் கூடக்கூட, ஒவ்வொரு நடுத் தளத்துக்கும் ஒரு இன்டர்மீடியட் சுவிட்சை அந்த இரண்டு ஒயர்களின் வழியிலேயே சேர்த்துக்கொண்டு போகலாம். முதல் சுவிட்சும் கடைசிச் சுவிட்சும் எப்போதும் டூவேதான்.